பன்னிரண்டாயிரம் பங்கும் திறக்காத மூடியும்

இருபத்திரண்டு வருட உழைப்பு, இடது கண்ணின் பார்வையில் கொஞ்சம், வலது சுண்டுவிரலின் நுனி, நாற்பது வயதுக்குள் வந்து ஒட்டிக்கொண்ட முதுகுவலி: எல்லாம் சேர்த்து ஒரு பங்குக்கு நானூற்றுப் பன்னிரண்டு என்று விலை போட்டிருந்தார்கள். நானூற்றுப் பதினைந்தாக முழுசாக்கக்கூட எவனுக்கும் மனசு வரவில்லை.

கவரில் இருந்த முதல் தாளைப் படித்ததும் மைக்ரான் மனசுக்குள் பெருக்கிப் பார்த்தாள். அவளிடம் பன்னிரண்டாயிரம் பங்கு. நாற்பத்தொன்பது லட்சத்து நாற்பத்து நாலாயிரம். பெருக்கி முடித்த பிறகுதான் உட்கார்ந்தாள்.

மைக்ரான் என்பது தொழிற்சாலை வைத்த பெயர். அது பாட்டில் மூடி செய்யும் கம்பெனி. அண்ணன் ஆரம்பித்தது. எண்ணெய் பாட்டிலுக்கும் தண்ணீர் பாட்டிலுக்கும் மூடி விற்பது அவர் வேலை. அந்த மூடி பிறக்கும் எஃகு அச்சை வெட்டுவது தங்கை வேலை. மூடியின் மரையில் மயிரிழை பிசகினால் எண்ணெய் ஒழுகும். மயிரிழையையும் நூறாகப் பிரித்துக் கேள்வி கேட்பவள் என்பதால் அந்தப் பெயர். பெண்டாட்டி பேச்சுக்குக் கட்டுப்படாத மெஷின்காரர்கள்கூட, "மைக்ரான் அக்கா வருது" என்றால் பீடியை அணைப்பார்கள்.

கவரைக் கொண்டுவந்தது அண்ணி. எஃகு அச்சு வெட்டும் அந்த அச்சுக்கூடத்துக்குள் அண்ணி கால் வைத்து ஏழெட்டு வருடம் இருக்கும். தோளில் காய்கறிப் பை. அதற்குள் கத்திரிக்காய்க்கு அடியில் கவர்.

"கோவிச்சுக்காத. இது ரெண்டு வாரமா எங்க வீட்ல கேஸ் பில்லோட கிடந்துச்சு. தபால்காரர் கையெழுத்து கேட்டார், போட்டேன். உங்க அண்ணனுக்குத்தான் வந்திருக்கும்னு செருகி வச்சுட்டேன். இன்னைக்குத் தூசி தட்டும்போது பாக்கறேன், உன் பேரு."

"யார் அனுப்பினது?"

"நம்ம கம்பெனிதான்."

"கம்பெனி எனக்கு எதுக்கு ரிஜிஸ்டர் தபால் போடணும்? நான் கம்பெனிக்குள்ளதானே குந்தியிருக்கேன்?"

"அதான் எனக்கும் புரியல," என்றாள் அண்ணி. "நல்ல சேதியா இருந்தா உங்க அண்ணன் வாயால சொல்லியிருப்பாரே." நாற்பது வருடம் அவரோடு குடித்தனம் செய்தவள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

சேதி இதுதான். பாட்டில் செய்யும் பெரிய நிறுவனம் ஒன்று மூடிக் கம்பெனியை வாங்குகிறது. அரைகுறையாக வேண்டாம், நூற்றுக்கு நூறும் வேண்டும் என்கிறது. மொத்தம் ஒரு லட்சம் பங்கு, அண்ணனிடம் எண்பத்தெட்டாயிரம். அவர் விற்கச் சம்மதித்துவிட்டார். கம்பெனி விதிகளின் முப்பத்தோராம் பிரிவுப்படி, முக்கால் பங்குக்கு மேல் வைத்திருப்பவர் வெளியாள் ஒருவருக்கு மொத்தமாக விற்க முடிவு செய்தால், மிச்சம் வைத்திருப்பவர்களையும் கூட இழுத்துக்கொண்டு போகலாம். அதே ஆளுக்கு, அதே விலைக்கு, அதே நாளில் அவர்களும் விற்றாக வேண்டும். இருபத்தொரு நாள் அவகாசம். அதற்குள் கையெழுத்துப் போடாவிட்டால், கம்பெனி டைரக்டர் ஒருவரே அவர் சார்பாகப் பங்கை மாற்றிக் கொடுத்துவிடலாம். பணம் அவர் பேரில் கம்பெனியில் பத்திரமாக இருக்கும். பங்குப் பத்திரத்தைக் கொடுத்துவிட்டு வாங்கிக்கொள்ள வேண்டியதுதான்.

பிரிவு என்ன சொல்கிறது என்று மைக்ரானுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. அதைக் கொண்டுவரச் சொன்னதே அவள்தான்.

தபால் அண்ணன் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்து பதினேழு நாள் ஆகியிருந்தது. மிச்சம் நாலு நாள்.

*

அண்ணன் அறைக் கதவைத் தட்டாமல் திறந்தாள். அவர் ஒரு நீல மூடியைக் கட்டைவிரலில் மாட்டிச் சுழற்றிக்கொண்டிருந்தார். கடன்காரர் வரும்போதெல்லாம் அவர் செய்கிற வேலை.

"வந்துட்டியா," என்றார். "பதினேழு நாளா முகத்தைத் தூக்கி வச்சிருந்தியே, இறக்கி வச்சாச்சா?"

"நான் எங்க தூக்கினேன்? நீங்கதான் என்னைப் பார்த்தா டீயைப் பாதியில வச்சுட்டு ஓடினீங்க. பிரஷர் ஏறிடுச்சோன்னு அண்ணிகிட்ட கேக்கலாம்னு இருந்தேன்."

"லெட்டரைப் படிச்சுட்டு நீ பேசாம இருக்கே, கோவம் ஆறட்டும்னு நான்..."

"லெட்டர் உங்க வீட்டுக்கு வந்திருக்கு அண்ணா! உங்க கேஸ் பில்லோட படுத்துத் தூங்கியிருக்கு! நீங்க போட்ட லெட்டரை உங்க பொண்டாட்டியே கையெழுத்துப் போட்டு வாங்கியிருக்காங்க!"

மூடி சுழல்வது நின்றது. விஷயம் அவர் தலைக்குள் இறங்க அரை நிமிடம் பிடித்தது. பங்குதாரர் பதிவேட்டில் தங்கையின் முகவரி பழைய வீட்டு முகவரி. அந்த வீட்டில் இப்போது இருப்பது அவர்தான். கம்பெனிக் காரியதரிசி பதிவேட்டைப் பார்த்து எழுதினார். தபால்காரர் கவரைப் பார்த்துக் கொடுத்தார். எல்லோரும் அவரவர் வேலையைச் சுத்தமாகச் செய்திருந்தார்கள். ஒரே சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உட்கார்ந்திருந்த அண்ணனும் தங்கையும்தான் பதினேழு நாள் ஒருவரை ஒருவர் திட்டிக்கொண்டு இருந்திருக்கிறார்கள், வாயைத் திறக்காமல்.

"வாயால சொல்ல வரல," என்றார் அவர். "லெட்டரே சொல்லட்டும்னு விட்டுட்டேன்."

"எதுக்கு விக்கறீங்க?"

"வீட்டுப் பத்திரம் பேங்க்ல இருக்கு, தெரியும்ல? அவங்க வாங்கினா கம்பெனிக் கடனை அடைப்பாங்க, பத்திரம் வெளிய வந்துடும். அவங்க மெஷின் ஒரு தட்டுல அறுபத்து நாலு மூடி போடுது. நம்மது எட்டு. இன்னைக்கு வித்தா கம்பெனி விலை. ரெண்டு வருஷம் கழிச்சு வித்தா பழைய இரும்பு விலை." கொஞ்சம் நிறுத்தி, "அறுபத்து மூணு ஆச்சும்மா. சரக்கு ஏத்தின லாரி போய்ச் சேர்ந்துச்சான்னு போன் பண்ணிப் பண்ணியே தூக்கம் போச்சு."

அவர் பொய் சொல்லவில்லை என்பது அவளுக்குத் தெரிந்தது. பொய் சொல்லும்போது அவர் தன் வயதைச் சொல்ல மாட்டார்.

"விக்கறது சரி. விலையும் மோசமில்ல. ஏழாம் பக்கம் படிச்சீங்களா?"

"ஏழாம் பக்கமா? அது வழக்கமா போடுறதுன்னு சொன்னாங்க."

ஏழாம் பக்கத்தில் இப்படி இருந்தது: விற்கிறவர்கள் எல்லோரும் ஐந்து வருடத்துக்கு எந்த வகை மூடியும், அடைப்பானும் செய்யக்கூடாது, செய்கிறவர்களிடம் வேலைக்கும் போகக்கூடாது.

"நீயும் கொஞ்சம் ரெஸ்ட் எடேன்," என்றார் அண்ணன், வாஞ்சையாக.

"எனக்கு நாப்பத்தேழு வயசு. அஞ்சு வருஷம் கையைக் கட்டிட்டு உக்காந்தா, அப்புறம் இந்தக் கைக்கு வெண்டைக்காய்கூட வெட்ட வராது." குரல் உயர்ந்ததும் மரியாதையும் நழுவியது. "உனக்கு ஓய்வு வேணும்னா நீ எடுத்துக்கோ. எனக்கும் சேர்த்து எதுக்கு எடுக்கற?"

அவள் ஏன் துடிக்கிறாள் என்று அவருக்கும் தெரியும். அச்சுக்கூடத்தின் கீழ் இழுப்பறையில் ஒரு அச்சு இருந்தது. மருந்து பாட்டில் மூடிக்கு. அமுக்கிக்கொண்டே திருப்பினால்தான் திறக்கும். சும்மா திருப்பினால் கடகடவென்று சுற்றிக்கொண்டே இருக்கும், குழந்தை கையில் திறக்காது. வேலை நேரம் போக மிச்ச நேரத்தில் மூன்று வருடம் வெட்டினாள். கொண்டுபோய்க் காட்டியபோது அண்ணன் ஒரே கேள்விதான் கேட்டார்: "திறக்காத மூடியை எவன் வாங்குவான்?"

*

மறுநாள் காலை அவள் படியேறியது, நகலெடுக்கும் கடைக்கு மேலே இருந்த வக்கீலம்மா அலுவலகத்துக்கு. ஏறுவதற்கு முன் கீழே கொஞ்ச நேரம் நின்றாள். வக்கீலம்மா ஒரு காலத்தில் எதிராளியின் வக்கீல்.

பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் சித்தப்பா மகன் கையில் ஒன்பதாயிரம் பங்கு இருந்தது. எதற்கும் 'முடியாது' என்பதில் ஆரம்பிக்கும் மனிதன். குடும்பத்தில் அவன் பெயர் தாழ்ப்பாள். ஒரு முறை நல்ல விலைக்கு ஆள் வந்தபோது தாழ்ப்பாள் விழுந்து கதவு மூடிக்கொண்டது. அந்தக் கோபத்தில்தான் மைக்ரான் இந்த முப்பத்தோராம் பிரிவைப் போடச் சொன்னாள். அவனும் கடைசியில் ஒத்துக்கொண்டான், வக்கீலம்மாவைக் கூட்டிவந்து மூன்று நாள் பேரம் பேசிய பிறகு. ஆறு வருடம் கழித்துத் தன் பங்கை அண்ணனுக்கே விற்றுவிட்டு, பழைய டயர் வியாபாரத்துக்குப் போய்விட்டான்.

"உக்காருங்க," என்றார் வக்கீலம்மா. "உங்களை ஞாபகம் இருக்கு. மூணு நாள்ல என்னை நாலு தடவை 'இந்தம்மாவுக்கு வேற வேலை இல்லையா'ன்னு கேட்டீங்க."

"அது அப்போ."

"இப்போ எனக்கு வேற வேலை இல்ல. சொல்லுங்க."

மைக்ரான் கவரை நீட்டினாள். முகவரிக் கதையைக் கேட்டு வக்கீலம்மா கண்ணாடியைக் கழற்றிச் சிரித்தார்.

"நோட்டீஸ் செல்லாதுன்னு சண்டை போடலாமா?" என்று மைக்ரான் கேட்டாள்.

"போடலாம். தோத்துட்டும் வரலாம். பதிவேட்டுல இருக்கற முகவரிக்கு அனுப்பினா சேர்ந்ததா அர்த்தம்னு விதியிலயே இருக்கு. முகவரியை மாத்துங்கன்னு நீங்க எழுதிக் கொடுத்தீங்களா?"

"எனக்குக் கல்யாணம் ஆகி இருபது வருஷமாச்சு. நான் எங்க இருக்கேன்னு அண்ணனுக்குத் தெரியாதா?"

"அண்ணனுக்குத் தெரியும். பதிவேட்டுக்குத் தெரியாது."

"அப்ப விக்கறதை நிறுத்த முடியாது."

"முடியாது. வாங்கறவர் உங்க அண்ணனுக்கு உறவோ பினாமியோ இல்ல. விலை ரெண்டு பேருக்கும் ஒண்ணு. அவருக்கு மட்டும் பக்கவாட்டுல ஏதாவது கொடுக்கறாங்களான்னு பார்த்தேன், காணோம். பேங்க் கடனை அடைக்கறது கம்பெனிக் கடனை அடைக்கறது. பங்குக்குக் கூடுதல் விலைன்னு சொல்ல முடியாது. இழுக்கற உரிமையை ஒழுங்காத்தான் இழுத்திருக்கார்."

மைக்ரான் கவரை எடுத்துக்கொள்ளக் கை நீட்டினாள். வக்கீலம்மா கவர் மேல் கையை வைத்தார்.

"இழுக்க முடியறது எது வரைக்கும்னு நீங்க கேக்கல."

அலமாரியின் அடித்தட்டிலிருந்து ஒரு பழைய கோப்பு வந்தது. முப்பத்தோராம் பிரிவின் வரைவு. ஆறாவது உட்பிரிவின் பக்கத்தில் சிவப்பு மையில், பெரிய எழுத்தில், 'எதுக்கு இது? வீண்!' என்று எழுதியிருந்தது. மைக்ரானின் கையெழுத்து. அதற்கு மேல் அழுத்தி ஒரு வட்டம் வேறு.

"படிங்க."

அவள் படித்தாள். இழுக்கப்படுகிறவர் தன் பங்கை மாற்றிக் கொடுக்க வேண்டும். பங்கு தன்னுடையதுதான், அடமானத்தில் இல்லை, விற்கத் தனக்கு அதிகாரம் உண்டு என்று உறுதி சொல்ல வேண்டும். இதைத் தவிர வேறு எந்த உறுதியும், எந்தக் கட்டுப்பாடும் அவரிடம் கேட்கக்கூடாது.

"இது உங்க சித்தப்பா மகன் கேட்டது," என்றார் வக்கீலம்மா. "'பங்கைப் பிடுங்கலாம், என் பொழைப்பைப் பிடுங்கக் கூடாது'ன்னார். நீங்க ஒரு நாள் முழுக்க இதை எதிர்த்தீங்க. கடைசியில பசி எடுத்து விட்டுட்டீங்க."

"அப்ப ஏழாம் பக்கம்?"

"நீங்க தொட வேண்டாம். டைரக்டர் உங்க சார்பா கையெழுத்துப் போடலாம்னு இருக்கே, அது பங்கு மாத்தற தாளுக்கு மட்டும்தான். உங்க கையை அஞ்சு வருஷம் கட்டிப்போட வேற யாரும் கையெழுத்துப் போட முடியாது. ஆனா ஒண்ணு. அந்த மருந்து மூடி அச்சு கம்பெனி எஃகுல, கம்பெனி மெஷின்ல வெட்டினதுதானே? அப்ப அது கம்பெனிச் சொத்து. விற்பனையோட போயிடும். கை உங்களுது, அச்சு அவங்களுது."

படியிறங்கும்போது மைக்ரான் தாழ்ப்பாளுக்குப் போன் போட்டாள்.

"யாரு? நீயா?" என்றான் அவன். பின்னால் டயர் உருளும் சத்தம். "நல்ல சேதிக்கு நீ கூப்பிட மாட்டியே. யாருக்கு என்ன ஆச்சு?"

"யாருக்கும் ஒண்ணும் ஆகல. சும்மாதான்."

"சும்மாவா? உனக்கா? காசு வேணுமா?"

மன்னிப்பு தொண்டை வரை வந்தது. அங்கே மரை பிசகி நின்றுகொண்டது. "உன் முழங்கால் வலி எப்படி இருக்குன்னு கேக்கலாம்னு..." என்றாள்.

"அது என் கூடப்பிறந்த அண்ணனுக்கு," என்றான் தாழ்ப்பாள். "எனக்குத் தோள்பட்டை."

*

கடைசி நாள் கம்பெனியின் மீட்டிங் அறையில் கூடினார்கள். வாங்கும் நிறுவனத்தின் சார்பில் டை கட்டிய ஒருவர் வந்திருந்தார். அவர் முன்னால் மூன்று கட்டுத் தாள்கள். பக்கத்தில் ஆறு பேனா. அண்ணன் ஒரு முனையில், நீல மூடியோடு. மைக்ரானும் வக்கீலம்மாவும் எதிரே.

மைக்ரான் பங்கு மாற்றும் தாளில் கையெழுத்துப் போட்டாள். பத்திரத்தை எடுத்து வைத்தாள். ஏழாம் பக்கத்தை அப்படியே டைக்காரர் பக்கம் தள்ளினாள்.

"இது மட்டும் விட்டுப்போச்சு மேடம்."

"விட்டுப்போகல. விட்டுட்டேன்."

டைக்காரர் புன்னகைத்தார். "டிராக்-அலாங் இருக்கே மேடம், அதான், கூட இழுக்கற உரிமை. நீங்க போடலைன்னா சார் உங்க சார்பா போட்டுடலாம்."

"ஆறாவது உட்பிரிவு," என்றார் வக்கீலம்மா. பக்கத்தைத் திறந்து, விரலை வைத்து, திருப்பிக் காட்டினார். டைக்காரர் இரண்டு முறை படித்தார். வெளியே போய்ப் போன் பேசினார். திரும்பி வந்தபோது புன்னகையைப் போனிலேயே விட்டுவிட்டு வந்திருந்தார்.

"வெளிப்படையா சொல்றேன். மெஷின் எங்ககிட்ட நிறைய இருக்கு. எங்களுக்குப் பயம் உங்களைத்தான். நீங்க எதிர்ல ஒரு கடை போட்டா இந்தக் கம்பெனியை எதுக்கு வாங்கறது? இந்தத் தாள் இல்லாம பணம் கைமாறாது. சாரோட ஒப்பந்தத்துல அப்படித்தான் இருக்கு."

மேசையின் அந்த முனையில் நீல மூடி உருண்டு தரையில் விழுந்தது. அண்ணன் அதை எடுக்கக் குனியவில்லை.

இருபத்திரண்டு வருடத்தில் இந்த அறையில் யாரும் தன்னைப் பார்த்துப் பயந்ததாக மைக்ரானுக்கு நினைவில்லை. நன்றாகத்தான் இருந்தது. எழுந்து வெளியே போனால் போதும்; விற்பனை விழுந்துவிடும். இழுத்தவரே இழுத்த கயிற்றில் தடுக்கி விழுவார். அவள் அண்ணனைப் பார்த்தாள். சட்டையின் மேல் பொத்தான் மாற்றிப் போட்டிருந்தார். பத்திரம் திரும்பி வருகிற நாள் என்பதால் புதுச் சட்டை.

"உங்களுக்கு எதுல பயம்?" என்று டைக்காரரைக் கேட்டாள். "எண்ணெய் மூடியிலா, தண்ணி மூடியிலா, மருந்து மூடியிலா?"

"மருந்து மூடி நாங்க செய்யறதில்லை."

"அப்ப அதுல எதுக்குப் பயப்படறீங்க? எண்ணெய்க்கும் தண்ணிக்கும் மூடி செய்ய மாட்டேன்னு எழுதித் தரேன். ஒரு வருஷம்."

"நாலு வருஷம் மேடம்."

"அஞ்சுலேர்ந்து நாலா? என்ன, நான் அரைக் கிலோ தக்காளியா கேட்டேன்? ஒண்ணரை."

"மூணு. அதுக்குக் கீழே என் மேலதிகாரி என்னை வேலையை விட்டே தூக்கிடுவார்."

"தூக்கினா இங்க வாங்க, எனக்கு விக்கற ஆள் வேணும். ரெண்டு."

டைக்காரர் அண்ணனைப் பார்த்தார். அண்ணன் கூரையைப் பார்த்தார். இந்தத் தங்கையிடம் எஃகு விற்ற வியாபாரிகள் எல்லோரும் அவர் ஞாபகத்தில் வரிசையாக வந்திருக்க வேண்டும்.

"சரி, ரெண்டு."

"சும்மா இல்ல. இழுப்பறையில ஒரு மருந்து மூடி அச்சு இருக்கு. மூலையில பழைய மெஷின் ஒண்ணு இருக்கு, அதுல எண்ணெய் கசியுது. ரெண்டையும் பழைய இரும்பு விலைக்கு எனக்குத் தரணும்."

"பங்கு விலையில அதைக் கழிச்சுக்கலாமா?"

"கழிக்கக் கூடாது," என்றார் வக்கீலம்மா. "பங்கு விலை ரெண்டு பேருக்கும் ஒண்ணாவே இருக்கணும். இந்த வாக்குறுதியும் இரும்பும் தனிக் காகிதம், தனி ரசீது."

இரும்பு விலையில் இன்னொரு முக்கால் மணி நேரம் போனது. ஐந்து லட்சத்தில் ஆரம்பித்த டைக்காரர், எண்ணெய் எங்கெல்லாம் கசிகிறது என்று ஒவ்வொரு இடமாகப் போய்ப் பார்த்த பிறகு மூன்று லட்சத்துப் பத்தாயிரத்துக்கு இறங்கினார். ஏழாம் பக்கத்தை அடித்து, புதிதாக ஒரு பக்கம் அச்செடுத்தார்கள். ஆறு பேனாவில் ஒன்றுதான் எழுதியது.

எல்லோரும் போன பிறகு அண்ணன் அச்சுக்கூடத்துக்கு வந்தார். மேசையில் இருந்த மாதிரி மருந்து பாட்டிலை எடுத்து மூடியைத் திருப்பினார். அது கடகடவென்று சுற்றியது. திரும்பவும் திருப்பினார்.

"அமுக்கிட்டுத் திருப்பணும்ணா."

அமுக்கித் திருப்பினார். திறந்துகொண்டது. மூடு, திற, மூடு, திற என்று நாலைந்து முறை செய்து பார்த்தார்.

"நீ எழுந்து போயிருந்தா எனக்கு வீடு போயிருக்கும்," என்றார் மூடியைப் பார்த்தபடி.

"தெரியும்."

"ஏழாம் பக்கத்தை நான் படிக்கவே இல்லம்மா."

"அதுவும் தெரியும். நீங்க என்னைக்கு ஏழாம் பக்கம் வரைக்கும் போயிருக்கீங்க?"

அவர் சிரித்தார். பிறகு, "திறக்காத மூடியை எவன் வாங்குவான்?" என்றார், இந்த முறை உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார்.

"முதல்ல நீங்க. உங்க பிரஷர் மாத்திரை டப்பாவை பேத்தி திறந்து விளையாடறதா அண்ணி சொன்னாங்க. பாட்டிலோட எடுத்துட்டுப் போங்க. காசு வேணாம்."

அவர் பாட்டிலைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினார். பதினேழு நாள் அண்ணன் வீட்டில் தூங்கிய அந்தக் கவரைத் திருப்பி, அதன் முதுகில் மைக்ரான் கணக்கு எழுதினாள்.

பங்கு 12,000, விலை 412: வரவு 49,44,000.
அச்சும் மெஷினும், பழைய இரும்பாக: செலவு 3,10,000.
வக்கீலம்மா, நாற்பதாயிரம் கேட்டு, பேசியபின்: செலவு 34,000.
கையில், வரிக்கு முன்: 46,00,000.
அண்ணனோடு பேசாத நாள்: அவர் பதினேழு, நான் பதினேழு. நேர்.
தாழ்ப்பாளுக்கு, ஆறாவது உட்பிரிவு வகையில்: மன்னிப்பு ஒன்று, பன்னிரண்டு வருட வட்டியோடு. பாக்கி.